தமிழின் 'ஆனான்', ஸ்பானிஷின் நான்கு வினைகள்

கோபமானான், கஞ்சனானான், டாக்டரானான், ராஜாவானான். தமிழுக்கு எல்லா இடத்திலும் 'ஆனான்' போதும். ஸ்பானிஷில் இந்த நான்குக்கும் நான்கு வினைகள் உண்டு: போனெர்சே, போல்வெர்சே, அசெர்சே, கொன்வெர்தீர்சே என். எந்த வினையைப் போடுகிறோம் என்பதிலேயே மாற்றம் எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். அதனால் வினை மாறினால் பல சமயம் சொல்லும் சேதியே மாறிவிடுகிறது.

தமிழர்கள் அதிகம் குழம்புவது முதல் இரண்டில்தான். 'செரியா' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்ப்போம். பெண்ணைக் குறிக்கும்போது 'சிரிப்பு, விளையாட்டு இல்லாதவள்' என்று பொருள். 'சே புசோ' என்பது போனெர்சேயின் இறந்தகாலம், 'சே போல்வியோ' போல்வெர்சேயின் இறந்தகாலம். 'மார்த்தா சே புசோ செரியா' என்றால், பேசிக்கொண்டிருந்த மார்த்தாவின் முகத்தில் சட்டென்று சிரிப்பு மறைந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி சிரிக்கலாம். 'மார்த்தா சே போல்வியோ செரியா' என்றால் அவள் சுபாவமே மாறிவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்த பழைய தோழி, "முன்னே எல்லாம் இப்படி இருக்க மாட்டாளே" என்று சொல்லும் தொனி அது.

போனெர்சே உடம்புக்கும் மனநிலைக்கும் நிறத்துக்கும் உரியது. வெட்கத்தில் முகம் சிவந்தால் 'சே புசோ ரோஹா'. நம் 'வெளுத்துப்போனான்', 'வாடிப்போனாள்' என்பதில் வரும் 'போ' ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. போனெர்சேக்குப் பின்னால் பெயர்ச்சொல் வராது. டாக்டரானாள் என்று சொல்ல இதைப் பயன்படுத்தவே முடியாது. போல்வெர்சே பெரும்பாலும் நாமாக விரும்பித் தேடாத மாற்றம். கஞ்சனாவது, சந்தேகப் பிராணியாவது போல, கெட்ட பக்கம் சாய்வதே அதிகம்.

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு: அப்போதைய நிலையைச் சொல்ல எஸ்தார், சுபாவத்தைச் சொல்ல செர். சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மாற்றத்துக்குப் பிறகு அந்த ஆளைப் பற்றிச் சொல்ல எஸ்தார் வருமா, செர் வருமா? எஸ்தார் என்றால் போனெர்சே, செர் என்றால் போல்வெர்சே. இது பெரும்பாலும் கைகொடுக்கும். 'லோகோ' மட்டும் அடங்காது. பைத்தியமாக இருப்பதற்கு எஸ்தார்தான், ஆனாலும் பைத்தியமானான் என்பது 'சே போல்வியோ லோகோ'.

அசெர்சேயை 'முயன்று ஆவது' என்று சொல்லித்தருவார்கள். படித்து டாக்டரானாள், 'சே இசோ மெதிகா'. உழைத்துப் பணக்காரனானான், 'சே இசோ ரிகோ'. கட்சியில் சேர்வதும் மதம் மாறுவதும் இதில் அடங்கும். ஆனால் இந்த விதியை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வயதாவது 'அசெர்சே பியெஹோ', நேரமாகிவிட்டது 'சே இசோ தார்தே', இருட்டிவிட்டது 'சே இசோ தே நோச்சே'. இவற்றில் யாருடைய முயற்சியும் இல்லை. தானாக மெல்ல நகர்ந்து வந்து சேரும் மாற்றத்துக்கும் இதே வினைதான்.

கொன்வெர்தீர்சே என், ஒன்று இன்னொன்றாகவே மாறிவிடுவது. 1975-இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்த இரண்டாம் நாள் ஹுவான் கார்லோஸ் அரசரானார். அதைச் சொல்ல 'சே கொன்வெர்தியோ என் ரேய்' பொருந்தும். 'சே இசோ ரேய்' என்றால் அவரே முனைந்து அரியணையைப் பிடித்துக்கொண்டார் என்ற வாடை வந்துவிடும்.

கொன்வெர்தீர்சே என் என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'சீரியஸான ஆளாக மாறினான்' என்று நினைத்து 'சே கொன்வெர்தியோ என் செரியோ' என்று எழுதிவிடுவோம். ஆனால் 'என் செரியோ' என்பது 'நிஜமாகவே' என்று பொருள்படும் தனித் தொடர். கேட்பவருக்கு 'நிஜமாகவே மதம் மாறிவிட்டான்' என்று கேட்கக்கூடும். உண்மையிலேயே மதம் மாறியதைச் சொல்லும்போது, எந்த மதத்துக்கு என்பதோடு 'என்' வராது, 'ஆ' வரும்: இஸ்லாத்துக்கு மாறினான் என்பது 'சே கொன்வெர்தியோ அல் இஸ்லாம்'. அந்த 'அல்', 'ஆ'வும் ஆங்கில 'the' போன்ற 'எல்' என்ற சொல்லும் சேர்ந்தது.

அந்த 'எல்'லை அசெர்சேயோடு சேர்க்கும்போது ரொம்பக் கவனம் வேண்டும். பைத்தியமானான் என்று சொல்ல வந்து 'சே இசோ எல் லோகோ' என்றால், ஒன்றும் தெரியாதவன் போல நடித்தான் என்று அர்த்தம். அசெர்சேக்கு அடுத்து இப்படி 'எல்' வந்தால், அங்கே மாற்றம் எதுவும் நடக்கவில்லை, பாவனைதான். அம்மா அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் பையனை 'சே இசோ எல் தொர்மிதோ' என்பார்கள். அவன் தூங்கவே இல்லை.