காலை இனிப்பும் பதினோரு மணி நடுக்கமும்: சர்க்கரை இறங்கியதா, அட்ரினலின் ஏறியதா?

எட்டு மணிக்கு இனிப்பு மிகுந்த காலை உணவை உண்டவருக்குப் பதினோரு மணியளவில் கடும் பசி எடுத்து, விரல்கள் நடுங்கி, நெற்றி வியர்த்தால், "சர்க்கரை இறங்கிவிட்டது" என்று அவரே முடிவுகட்டிவிடுகிறார். நீரிழிவு மருந்து எதுவும் எடுக்காதவர்களிடம் இந்த முடிவு சில வேளைகளில்தான் சரியாக இருக்கிறது. இரத்தச் சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்திருக்கலாம். அல்லது அது இயல்பான அளவில் இருக்கும்போதே உடல் அபாயமணி அடித்திருக்கலாம். இரண்டிலும் நடுக்கமும் வியர்வையும் ஒன்றுபோலவே தோன்றுவதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. பெரியவர் ஒருவரின் இரத்தம் முழுவதிலும் எந்நேரமும் ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸ்தான், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான், இருக்கிறது. சர்க்கரை சேர்த்த ஒரு குவளைப் பழச்சாறும் ஒரு கிண்ணம் இனிப்புத் தானியச் செதிலும் சேர்ந்து 80 கிராம் மாவுச்சத்தைத் தந்துவிடக்கூடும். நார்ச்சத்தோ புரதமோ உடன் இல்லாததால் அது விரைவாகக் குடலைச் சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. கணையமும் அதற்கேற்ப இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலின் இரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் மறையத் தொடங்கினாலும், தசைகளில் அதன் வேலை அதற்குப் பின்னும் தொடர்கிறது. கல்லீரலும் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை மீண்டும் வெளியிடச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. குடலிலிருந்து வரும் வரத்து இந்த இடைவெளியில் தீர்ந்துபோனால் சர்க்கரை வேகமாகச் சரிகிறது.

முதல் விளக்கத்தின்படி, அந்தச் சரிவு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே போகிறது. ஆனால் சர்க்கரை 70-ஐ நெருங்கும்போதே உடல் குளுக்ககானையும் அட்ரினலினையும் வெளியிட்டு அதைத் தூக்கி நிறுத்த முனைகிறது. விரல் நடுக்கமும் படபடப்பும் அட்ரினலினால் வருபவை. வியர்வையும் பசியும் அதே எச்சரிக்கையில் பங்கேற்கும் வேறு நரம்புகளால் தூண்டப்படுபவை. நடுக்கம் சர்க்கரைக் குறைவின் நேரடி விளைவு அன்று, அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் நடவடிக்கையின் ஓசை என்றே சொல்லலாம். மூளைக்கே குளுக்கோஸ் போதாமல் போனால்தான் பேச்சுக் குழறலும் மனக்குழப்பமும் பார்வை மங்கலும் தோன்றுகின்றன.

இரண்டாம் விளக்கத்தில், சர்க்கரை 150-இலிருந்து 80-க்கு வந்து நிற்கிறது; அது குறைவே அன்று. எனினும் சிலரின் உடல் அட்ரினலினுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. பதற்றமும் வெறும் வயிற்றுக் காபியும் அதை இன்னும் கூட்டக்கூடும். என் மதிப்பீட்டில், இந்தப் புகாருடன் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகையைச் சேர்ந்தவர்களே. அவர்கள் படும் அவதி கற்பனை அன்று, காரணத்துக்குச் சூட்டப்படும் பெயர்தான் பிழை.

பிரித்தறியும் வழியை 1938-இல் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் வகுத்தார்: அறிகுறி இருக்க வேண்டும், அதே வேளையில் அளந்த சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை உயர்ந்ததும் அறிகுறி நீங்க வேண்டும். பலர் நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டு மூன்றாவதை மட்டும் சான்றாகக் கொள்கின்றனர். ஒரே உணவை உண்டு ஒரே நேரத்தில் நடுங்கும் இருவரை எண்ணிப் பார்ப்போம்: ஒருவருக்கு அளவு 48, மற்றவருக்கு 82. இனிப்பு பிஸ்கட் தின்ற கால் மணி நேரத்தில் இருவருமே தெளிந்துவிடக்கூடும், ஏனெனில் எச்சரிக்கை அலை தானாகவும் தணியும். எனவே நிவாரணம் மட்டும் எதையும் நிறுவுவதில்லை.

அளப்பதிலும் கவனம் வேண்டும். பழச்சாறு ஒட்டிய விரலில் குத்தினால் கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். கைகழுவி, நன்றாகத் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும். வீட்டுக் கருவி 15 விழுக்காடு வரை முன்பின்னாகக் காட்டலாம் என்பதால், 60 என்ற எண் எதையும் உறுதிசெய்யாது. நடுங்கும் நேரத்தில் நரம்பில் எடுத்த இரத்தத்தின் ஆய்வக அளவே தீர்ப்பு. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் நீண்ட சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அதில் நலமான சிலருக்கும் எந்த அறிகுறியும் இல்லாமலே அளவு 50-க்குக் கீழே போய்விடுகிறது. வழக்கமான கலப்பு உணவைத் தந்து அளப்பதே மேல்.

இரு வகையினருக்கும் நாள்தோறும் உதவுவது ஒன்றே: இனிப்புப் பானத்தை விட்டுவிட்டு, முட்டை, பருப்பு, கொட்டைகளுடன் முழுத்தானியத்தை உண்பது. நடுக்க வேளையில்தான் வேறுபாடு. 48 காட்டியவர் 15 கிராம் சர்க்கரையை உடனே எடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் அளந்து, பிறகு முறையான உணவு உண்ண வேண்டும். 82 காட்டியவர் அதைச் செய்தால் அடுத்த ஏற்றத்தையும் சரிவையும் தாமே தொடங்கிவைக்கிறார். இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கும், எதுவும் உண்ணாத விடியற்காலையிலேயே நடுங்குபவருக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. பின்னவரிடம் இன்சுலினை ஓயாமல் சுரக்கும் கணையக் கட்டியைத் தேட வேண்டியிருக்கும்.