பழைய செபியா படத்தில் கலர் முகம்: கிம்ப் மென்பொருளோடு சில வருட அனுபவம்

பழைய படங்களில் முகம் மாற்றும் வேலையைச் சில வருடங்களாக கிம்ப்பில்தான் செய்கிறேன். வெட்டி ஒட்டுவது சுலபம். ஒட்டிய முகம் "நான் வெளியாள்" என்று காட்டிக்கொடுப்பதுதான் தலைவலி. அண்மையில் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்: செபியா குழுப் படம், அதில் ஒருவரின் முகம் பூஞ்சையில் போய்விட்டது. அவர் ஜாடையிலேயே இருக்கும் பேரனின் முகத்தை, கைபேசியில் எடுத்த கலர் படத்திலிருந்து வைக்கச் சொன்னார்கள்.

புது முகத்தின் கலரை நீக்க Desaturate போட்டால் முகம் மாவு பூசியது மாதிரி வெளுக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை ஏறக்குறைய உணராது. அதனால் அந்தக் காலப் படங்களில் தோல் ஒரு படி கருத்தும், உதடு நன்றாகவே கருத்தும் விழும். இதற்கு Mono Mixer-இல் சிவப்பை 0.1 வரை குறைத்து, மீதியைப் பச்சைக்கும் நீலத்துக்கும் பிரிக்கிறேன். நீலத்தை அதிகம் நம்ப வேண்டாம். கைபேசி ஜேபெக் படத்தின் நீலச் சேனலில் இரைச்சலும் சதுரக் கட்டங்களும் ஒளிந்திருக்கும், கன்னத்தில்தான் முதலில் தெரியும். பச்சை 0.65, நீலம் 0.25 இந்தப் படத்துக்குப் பொருந்தியது. சிவப்பையும் உணரும் பிற்காலத்துப் பான்குரோமேட்டிக் படமாக இருந்தால் சிவப்பை இவ்வளவு குறைக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தாலே எந்த வகை என்று ஓரளவு பிடிபடும்.

அடுத்தது அளவெடுப்பு. Color Picker-இல் Sample average-ஐ இயக்கி, பக்கத்து முகங்களில் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்ப்பேன். சராசரி எடுக்காவிட்டால் ஒற்றைக் குருணையின் மதிப்புதான் வரும். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் இங்கே தலைமுடி 52, நிழல் பக்கக் கன்னம் 105, வெளிச்சக் கன்னம் 165. மங்கிய அச்சில் முழுக் கறுப்பே கிடையாது, புது முகத்தின் கண்மணியோ 8-இல் நிற்கிறது. Curves-இல் அந்த மூன்று புள்ளிகளுக்கும் முகத்தை இழுத்தேன். பாதி வித்தியாசம் இதிலேயே மறைந்துவிட்டது.

செபியா நிறத்தைத் தனியாகக் கலக்கிப் பூசுவதை விட்டே நாளாகிவிட்டது. படம் ஒரே சீராகப் பழுப்பதில்லை, ஓரத்தில் மஞ்சள் கூடும். சாம்பல் முகத்தின் லேயர் மோடை LCh Lightness ஆக்கினால் வெளிச்சம் மட்டும் மேலிருந்து வரும், நிறம் கீழே உள்ள பழைய படத்திலிருந்தே வரும். ஒரு சிக்கல்: கீழே பூஞ்சைக் கறை இருந்தால் அதன் நிறமும் மேலே கசியும். அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து, கறையை அழித்து, நன்றாக பிளர் செய்து முகத்துக்கு அடியில் வைத்தேன். கிரேஸ்கேல் ஃபைலில் இந்த வித்தை பலிக்காது, படம் RGB-இல் இருக்க வேண்டும்.

குருணை, அதாவது கிரெயின்தான் உண்மையான பரீட்சை. நாய்ஸ் ஃபில்டர் போடும் புள்ளிகள் ஊசிமுனை மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்த கிரெயின் கொஞ்சம் மழுங்கி, திட்டுத்திட்டாக இருக்கும். ஆகவே அந்தப் படத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. பின்னணியில் வெறுமையான, நடுத்தரச் சாம்பல் பகுதி ஒன்றை நகலெடுத்து, அதன் இன்னொரு நகலை 4 பிக்சல் Gaussian Blur செய்து மேலே வைத்து, மோடை Grain extract ஆக்கினால் சாம்பல் தளத்தில் குருணை மட்டும் மிஞ்சும். இரண்டையும் ஒன்றாக்கி முகத்தின் மேல் Grain merge மோடில் வைத்தால் வேலை முடிந்தது. துண்டு போதாவிட்டால் திருப்பிப் போட்டு நிரப்பலாம். தேன்கூடு மாதிரிப் புடைத்த தாளில் அச்சானது என்றால் திருப்பக் கூடாது, கோடுகளின் திசை மாறிவிடும். கருமுடிமேல் கிரெயினைக் கொஞ்சம் குறைக்கணும், அடர்நிழலில் அது அவ்வளவாகத் தெரியாது.

வரிசை முக்கியம்: முதலில் முகத்தைச் சுருக்கணும், பிறகு பக்கத்து முகங்களின் கண்ணிமை எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்கு பிளர், கடைசியில்தான் கிரெயின். கிரெயின் போட்டபின் சுருக்கினால் குருணையும் பொடியாகிவிடும். சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே நடுச்சாம்பல் நிரப்பிய தற்காலிக லேயரை Divide மோடில் போட்டுப் பார்ப்பேன். படம் வெளிறி, நிழல் பகுதியில் ஒட்டின விளிம்பும் வழவழப்பான திட்டும் தெரிந்துவிடும். பார்த்ததும் அதை அணைத்துவிடலாம்.

இத்தனை செய்தும் தீராதது ஒன்று உண்டு. கைபேசியைக் கிட்டே பிடித்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். குழுப் படமோ பல அடி தள்ளி எடுத்தது. டோனும் கிரெயினும் அச்சு அசலாகப் பொருந்தினாலும் அந்தத் தலை மட்டும் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். பேரனை ஜன்னல் ஓரம் நிற்கவைத்து, பழைய படத்தில் வெளிச்சம் விழும் அதே பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி, தள்ளி நின்று ஜூம் செய்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தப் படம் வந்தபிறகுதான் வேலையைத் தொடர்ந்தேன்.