வைத்தியசாலையா, மருத்துவமனையா?

"ஆஸ்பத்திரி" என்ற சொல்லுக்குப் பரீட்சையில் தெரிவுகள் தந்து தூய தமிழ்ச் சொல் கேட்டால், வன்னிப் பிள்ளைகள் பலரின் கை முதலில் போவது "வைத்தியசாலை"க்குத்தான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெயர்ப்பலகையில் இருப்பது அதுதானே. ஆனால் அலுவலகத் தமிழ் எல்லாம் தூய தமிழ் அல்ல. ஆஸ்பத்திரி ஐரோப்பியர் வழி வந்தது; வைத்தியம் வடமொழியிலிருந்து வந்தது. ஒரு கடனுக்கு இன்னொரு கடன்.

"மருத்துவமனை"யைப் பிரித்துப் பாருங்கள். மருந்து, "மருத்து" என வலித்து மருத்துவம் ஆகிறது. மருந்துப்பை "மருத்துப்பை" ஆவதும் இப்படித்தான். மனை தமிழ்ச்சொல். விடை இதுவே.

பலர் ஜ, ஷ, ஸ, ஹ இருந்தால் மட்டும் வெட்டுவார்கள். அந்த வழியில் ஆஸ்பத்திரி விழும், வைத்தியசாலை தப்பிவிடும். "வருஷம்" கேள்வியிலும் அதே பொறி: வருடம் என்பது வடசொல்லின் ஷகரம் டகரமாகத் திரிந்த தற்பவம், தூய தமிழ் ஆண்டு. எழுத்தைப் பார்த்து முதலில் தெரிவுகளைக் குறையுங்கள். மிஞ்சியவற்றில் வேரைத் தேடுங்கள்.

வினாவையும் முழுதாக வாசிக்க வேண்டும். "தற்பவம் எது?" என்று கேட்டிருந்தால் வருடம்தான் சரி, ஆண்டு பிழை.