கைபேசியில் கமரா தடங்கலின்றி ஓடியது, பதிவு பாழாயிற்று: திருகோணமலையில் எனக்கு நேர்ந்தது

உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்வதால், கடந்த ஆண்டு வீட்டைச் சுற்றி நான்கு கமராக்களும், அவற்றின் படங்களை 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியொன்றும் பூட்டுவித்தேன். பூட்டியவர் நகரில் இத்தொழில் செய்யும் ஓர் இளைஞர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்த காரியத்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதே காரியத்தை வேறு பலரும் செய்யக்கூடும்.

பூட்டிய நாளிலிருந்தே கொழும்பிலிருந்து கைபேசியில் பார்க்கும்போது படம் தடங்கியது. கேற்றுக்கு வெளியே ஒருவர் நிற்பது தெரியும். உடனே படம் உறைந்துவிடும். அரை நிமிடம் கழித்துத் திரும்பவும் ஓடும்போது அவர் போயிருப்பார். நான்கு கமராக்களையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டு கறுப்பாகவே இருக்கும். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வீட்டு வைஃபையில் பார்த்தபோது எல்லாம் நீரோட்டம் போல ஓடியது. பிழை கமராவிலோ டிவிஆரிலோ இல்லை, வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைய வழியில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே போதிய அடையாளம். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

இளைஞரை அழைத்தேன். "அண்ணா, சொஃப்ட்வேர் பழசு, அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். வந்து இருபது நிமிடம் இருந்துவிட்டு 6,500 ரூபா வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலையே கைபேசியில் படம் தடங்கலின்றி ஓடியது. "இன்னொரு நன்மையும் இருக்கிறது, இனி ஒரு மாதத்துக்கு மேல் பதிவு நிற்கும்" என்றும் சொன்னார். அந்தச் சொல்லில்தான் உண்மை இருந்தது. நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

நவம்பர் மழையில் ஓர் இரவு ஒரு முச்சக்கர வண்டி எங்கள் கேற்றில் மோதி, அதைச் சாய்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பொலிஸில் முறையிடுவதற்காகப் பதிவை எடுத்துப் பார்த்தேன். வண்டி வருவதும் மோதுவதும் போவதும் தெரிந்தன. இலக்கத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சிறு கறை மட்டும் இருந்தது. மழையின் குற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பகலில் அம்மா கேற்றைத் திறக்கும் காட்சியைத் திறந்தேன். அதிலும் அம்மாவின் முகம் தெரியவில்லை.

டிவிஆரின் கடவுச்சொல்லை அவர் எனக்குத் தந்திருக்கவில்லை. மூன்று முறை கேட்டு வாங்கி, நானே மெனுவுக்குள் சென்றேன். அங்கே கண்டதை விளங்கிக்கொள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கமராவுக்கும் டிவிஆர் இரண்டு படவோட்டங்களை ஒரே நேரத்தில் தயாரிக்கிறது. திரையில் Main Stream என்று இருப்பது ஹார்ட் டிஸ்கில் பதிவாவது. Sub Stream என்று இருப்பது கைபேசிக்கு இணையத்தின் வழியே அனுப்புவதற்கான சிறிய படம். இரண்டுக்கும் அமைப்புகள் தனித்தனி. கைபேசியில் தடங்கல் என்றால் குறைக்க வேண்டியது இரண்டாவதை. அவர் குறைத்தது முதலாவதை.

பூட்டும்போது Main Stream 1920×1080 அளவிலும், Max. Bitrate 4096 என்றும் இருந்தது. அதாவது ஒரு கமராவுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட், நான்குக்கும் 16. கைபேசிச் செயலியும் அந்தப் பெரிய படத்தையே கேட்கும்படி HD நிலையில் விடப்பட்டிருந்தது. எங்கள் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகத்தை மாலையில் அளந்தபோது 1.6 மெகாபிட் வந்தது. இணைப்பு விற்பவர்கள் பெரிதாகச் சொல்வது டவுன்லோட் வேகத்தைத்தான். வீட்டிலிருந்து கமரா படத்தை வெளியே தள்ளுவது அப்லோட் வேகம். அந்த இடுக்கில் 16 எப்படிப் போகும்? செயலியைச் சிறிய படத்துக்கு மாற்றுவதை விட்டுவிட்டு, அவர் Main Stream அளவை 352×288 ஆகவும், பிட்ரேட்டை 512 ஆகவும், வினாடிக்கு 6 பிரேம்களாகவும் இறக்கிவிட்டார். கைபேசியில் ஒவ்வொரு கமராவாகத் திறந்தால் ஓடியது உண்மை. ஹார்ட் டிஸ்கில் விழுந்ததும் அதே சிறிய படம்தான்.

ஒரு மாதம் பதிவு நிற்கும் என்ற கணக்கும் அங்கிருந்தே வந்தது. 4096 இல் ஒரு கமரா நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிகாபைட் எழுதும். நான்கும் சேர்ந்தால் 1 டெராபைட் ஆறு நாட்களுக்கும் போதாது. 512 இல் எட்டில் ஒரு பங்கு மட்டுமே எழுதுவதால் 45 நாட்கள் வரை நிற்கும். புதிய டிஸ்க் எதுவும் போடாமல் பதிவு நாட்கள் இப்படிப் பல மடங்கானால், படத்திலிருந்து எதையோ வெட்டியிருக்கக்கூடும்.

இலக்கத் தகடு ஏன் கறையானது என்பதையும் கணக்குப் போட்டேன். எங்கள் கேற் கமரா அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 8 மீற்றர் அகலத்தைப் பார்க்கிறது. 352 புள்ளிகளை அதில் பரப்பினால் மீற்றருக்கு 44 புள்ளி. தகட்டின் அகலம் 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது 13 புள்ளி. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் அதற்குள் இருக்க வேண்டும். 1920 புள்ளியாக இருந்திருந்தால் தகட்டுக்கு 72 கிடைத்திருக்கும். மழை இரவில் அப்போதும் வாசித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வாசிக்க வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இப்போது நான் மாற்றியிருப்பது இது. Main Stream மீண்டும் 1920×1080, வினாடிக்கு 15 பிரேம், பிட்ரேட் 2048. பதிவு பதினொரு நாட்கள் நிற்கிறது, அது எங்களுக்குப் போதும். Sub Stream 352×288, வினாடிக்கு 10 பிரேம், பிட்ரேட் 256. நான்கும் சேர்ந்து 1 மெகாபிட் என்பதால் 1.6 க்குள் அடங்கிவிடுகிறது. கைபேசிச் செயலியில் HD ஐ அணைத்து SD ஆக்கினேன். முதல் கமராவில் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் மறந்ததால் ஒருநாள் முழுவதும் குழம்பினேன். அமைப்பை ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனியே சேமிக்க வேண்டும், அல்லது Copy கொடுக்க வேண்டும். எத்தனை பிரேமுக்கு ஒரு முறை முழுப் பிரேம் ஒன்றை அனுப்புவது என்பதைச் சொல்லும் I-Frame Interval ஐயும் 50 இலிருந்து 20 ஆக்கினேன். கைபேசி ஒரு முழுப் பிரேம் வரும்வரை காத்திருந்தே படத்தைத் திறக்கும். வினாடிக்கு 10 பிரேம் என்று குறைத்துவிட்டு அந்த இடைவெளியை 50 ஆகவே விட்டால் ஐந்து வினாடி வரை காத்திருக்க நேரிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. பழைய பதிவைக் கொழும்பிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் இன்னமும் தடங்கும், ஏனெனில் பதிவில் இருப்பது பெரிய படம். 2 மெகாபிட் படம் 1.6 வழியால் ஒழுங்காக வராது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன். தேவையான காட்சியை வீட்டிலேயே பென் டிரைவில் இறக்கச் சொல்லி அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

கமரா பூட்டியிருப்பவர்கள் இன்றே நேற்றைய பதிவொன்றைத் திறந்து, கேற்றில் நின்றவரின் முகம் தெரிகிறதா என்று முழுத் திரையில் பாருங்கள். நேரலையைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். நான் மாதக்கணக்கில் நேரலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தடங்கலைச் சரிசெய்ய யாராவது வந்தால், எந்த Stream ஐ மாற்றினார் என்பதையும் முன்பிருந்த எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

6,500 ரூபாவைத் திருப்பிக் கேட்டேன். "ஃபோனில் ஓட வேண்டும் என்றுதானே அண்ணா கேட்டீர்கள், ஓடியதுதானே" என்றார். கேற்றைச் சொந்தச் செலவில் திருத்தினோம். பொலிஸ் முறைப்பாட்டில் வண்டி இலக்கத்துக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.