தூளின் படமா, டிகாஷனின் படமா?

மதுரை கீழமாசி வீதியில் வாங்கிய இரண்டு சி.டி.சி. தேயிலைகளை, அதாவது இயந்திரத்தில் நசுக்கி உருட்டிய தேயிலைகளை, தூளாகவும் டிகாஷனாகவும் படமெடுத்து அனுப்பி, எது நல்லது என்று நண்பர் கேட்டார்.

தூளை வெள்ளைத்தாளில் பரப்பி, அளவுக்கு ஒரு நாணயமும் வைத்திருந்தார். ஒன்று குருணை, மற்றது டஸ்ட். இது சல்லடை பிரித்த அளவுதானே தவிர, தரம் இல்லை. தரத்தைச் சொன்னது டஸ்டில் தெரிந்த பழுப்பு நார்கள்: முற்றிய இலையும் தண்டும் கலந்திருக்கிறது. குருணை கருப்பாக, உருண்டையாக, நார் இல்லாமல் இருந்தது.

டிகாஷன் படத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி போட்டிருக்க வேண்டும்: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம், பால் வேண்டாம். வெள்ளைக் கோப்பையில் ஊற்றி ஜன்னலோரம் எடுக்க வேண்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மங்கல் டீயும் செம்பு நிறமாகத் தெரியும். நண்பரின் டஸ்ட் அதிகக் கருப்பாக இறங்கியிருந்தது. பொடி சின்னது, சாறு சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். அதன் ஓரம் மங்கலான பழுப்பு. குருணையோ நிறம் குறைவு, ஆனால் ஓரத்தில் பளிச்சென்ற செம்மை. எனக்குக் குருணைதான்.

சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்குப் படம் உதவாது. ஈர வடிதாளில் தூளைத் தூவி, உடனே நிறம் பரவுகிறதா என்று பாருங்கள்.