கோத்தகிரியில் விழுந்த கை: முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் எலும்பு முறிந்திருந்தது

நவம்பரில் மூன்று வாரம் கோத்தகிரியில் அத்தை வீட்டில் இருந்தேன். டொராண்டோவில் கிளம்பும்போதே "மழை விட்ட பாடில்லை கண்ணு, நல்ல ஷூவா எடுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தார். நான்காம் நாள் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இறங்கும் படியில் பாசி வழுக்கிவிட்டு வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். கை பின்பக்கமாக மடங்கி மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கியது. எழுந்து பார்த்தால் லேசான வீக்கம்தான், கோணல் எதுவும் இல்லை, விரல்கள் எல்லாம் அசைந்தன.

பக்கத்து கிளினிக்கில் உடனே பார்த்தார்கள். இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு சார், சுளுக்குதான்" என்று சொல்லி, எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, எனக்கும் நிம்மதி. ஆனால் மூன்று நாள் கழித்தும் டீத்தூள் டப்பா மூடியைத் திருக முடியவில்லை. பெருவிரல் பக்கம் சுருக்கென்றது. சுளுக்கு எடுப்பவரை வரச் சொல்லட்டுமா என்று அத்தை கேட்டார். நல்லவேளை, அதற்கு முன் ஊட்டியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன்.

அவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு என் கையைத்தான் முதலில் பார்த்தார். "பெருவிரலை நல்லா நிமிர்த்துங்க தம்பி" என்றார். நிமிர்த்தினால் விரலின் அடியில் இரண்டு நரம்பு மாதிரி தசைநாண்கள் எழும்பி நிற்கும், அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் விரல் நுனியால் அழுத்தினார், துள்ளிவிட்டேன். இடது கையிலும் அதே இடத்தில் அழுத்தினார், ஏனென்றால் அங்கே நல்ல கையிலும் கொஞ்சம் வலிக்குமாம், வித்தியாசம்தான் முக்கியம். அப்புறம் உள்ளங்கைப் பக்கம் பெருவிரலின் அடிமேட்டை அழுத்தினார், பெருவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி நேராகத் தள்ளினார். மூன்றிலும் வலி.

அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பதுதான் ஸ்கேஃபாய்டு, முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்த ஒரு சிறிய எலும்பு. அது சாய்வாகக் கிடப்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் குறுகி, பக்கத்து எலும்புகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். முறிந்த துண்டுகள் விலகாமல் ஒட்டியபடி இருந்தால் நடுவே இடைவெளியே இல்லை, கோடு விழ வழியும் இல்லை. அவர் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வைத்து, அந்த எலும்பு நீளமாகத் தெரியும்படி திரும்ப எக்ஸ்ரே எடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

ஆனாலும் முழங்கைக்குக் கீழிருந்து பெருவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டார். "படத்துல இல்லைன்னா முறியலைன்னு அர்த்தம் இல்ல. விழுந்து 14ஆம் நாள் வாங்க" என்றார். முறிந்த விளிம்பில் உள்ள எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குமாம், 10 முதல் 14 நாளுக்குள் இடைவெளி அகன்று கோடு தெரிய ஆரம்பிக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்றும் சொன்னார். எப்படியும் கட்டு போட்டாகிவிட்டது, ஊருக்குத் திரும்பவும் நாள் இருந்தது, அதனால் நான் காத்திருந்தேன்.

சந்தேகத்துக்கே ஏன் கட்டு போட வேண்டும் என்று கேட்டேன். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கி, முன்கை பக்கத்துக்குப் போகிறது. நடுவில் முறிந்தால் பின் துண்டுக்கு ரத்தம் குறையும். அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாமல் போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம், சில வருடத்தில் மணிக்கட்டே தேய்ந்துபோகும். சுளுக்கு என்று நம்பி உருவி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்னும் நடுக்கமாக இருக்கிறது.

14ஆம் நாள் படத்தில் அந்த எலும்பின் குறுகிய நடுப்பகுதியில், பென்சிலால் கீறியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. துண்டுகள் விலகவில்லை, அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று புதுக் கட்டு போட்டார். எனக்கு விமானம் மூன்று நாள் கழித்து. கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாமல் பறப்பதென்றால், கை வீங்கும் என்பதால் பல விமான நிறுவனங்கள் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லும், தேதி முடிவு செய்யும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் படங்களையும் சிடியில் வாங்கிக்கொண்டேன்.

முதல் கிளினிக்கில் கோடு தெரியாததை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை ஒருமுறை அழுத்திப் பார்க்காததும், வலி நிற்காவிட்டால் இத்தனை நாளில் திரும்ப வாருங்கள் என்று சொல்லாததும்தான் குறை. டொராண்டோவில் டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும், முதல் படத்தில் அந்த இடத்தில் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.