"ஆளுக்கு ஒரு கணக்கு" என்று 150 வெள்ளி வாங்கினார்கள்: டேப்லெட்டில் குடும்ப கேம் செட் போடுபவர்கள் கவனிக்கவும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஹேண்ட்போன் கடைகள் சிலவற்றில் இப்போது 'குடும்ப கேம் செட்' என்று ஒன்று ஓடுகிறது. டேப்லெட் வாங்கும்போதே கூடுதலாகக் காசு கொடுத்தால், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக கேம் போட்டுத் தருவார்களாம். ஒருவர் ஆடியது மற்றவருடையதோடு கலக்காதாம். நாங்கள் அதை வாங்கி ஏமாந்தோம். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு கடையும் செய்யலாம்.

எங்கள் வீட்டில் டேப்லெட் ஒன்று, ஆட்கள் நான்கு. மகன் படிவம் ஒன்று, மகள் மூன்றாம் ஆண்டு, மாமியார், அப்புறம் நான். மாமியாருக்கு மூன்று மிட்டாயை வரிசையாகச் சேர்த்து உடைக்கிற கேம் இல்லாமல் மத்தியானம் போகாது. மகனுக்கு Stardew Valley என்ற பண்ணை விளையாட்டு. மகளுக்குக் கார் ஓட்டுவது, எழுத்துப் பழகுவது. எல்லாவற்றையும் கடையிலேயே போட்டு, ரசீதில் "Family Game Setup 4 User" என்று எழுதி 150 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். திரையைத் திறந்தால் நான்கு வட்டம், ஒவ்வொன்றிலும் எங்கள் முகம். பார்க்க ரொம்ப அழகு.

முதலில் கண்டுபிடித்தது மகள். தன் முகத்தைத் தொட்டு கார் கேமைத் திறந்தால், அவள் ஓட்டாத பந்தயமெல்லாம் ஓட்டி முடிந்திருக்கிறது, அவள் சேர்த்த காசில் அண்ணன் வேறு வண்டி வாங்கியிருக்கிறான். வீட்டில் சண்டை. நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி, "அக்கா, ஆளுக்கு ஒரு படம் இருக்குதானே? அதான் ப்ரொஃபைல். கேம் அப்படித்தான்லா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றான்.

உண்மையில் அந்த நான்கு முகமும் ப்ரொஃபைலே இல்லை. லாஞ்சர் என்பார்களே, முகப்புத் திரையை மாற்றிக் காட்டும் சாதாரண செயலி, அதுதான் அது. நான்கு கதவு வைத்து உள்ளே ஒரே அறை கட்டின மாதிரி. எந்த முகத்தைத் தொட்டாலும் திறப்பது அதே கேம், அதே சேமிப்பு.

இது நிஜமா பொய்யா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு முகத்தில் நுழைந்து ஏதாவது கேமில் முதல் கட்டத்தை முடியுங்கள். வெளியே வந்து அடுத்த முகத்தில் அதே கேமைத் திறங்கள். தொடக்கப் பாடம் காட்டி முதலிலிருந்து ஆரம்பித்தால் சரி. நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் காசு கொடுக்காதீர்கள்.

கடைக்காரன் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். சேமிப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது கேமுக்குக் கேம் மாறும். Stardew Valley டேப்லெட்டுக்குள்ளேயே சேமிக்கும். ஒவ்வொருவரும் புதுப் பண்ணை தொடங்கலாம், `Load` பட்டியலில் எல்லோருடைய பண்ணையும் பெயரோடு வரிசையாக நிற்கும். ஒருவர் மற்றவருடையதைத் திறக்கவும் முடியும், அழிக்கவும் முடியும், பூட்டு கிடையாது. ஆனாலும் கலக்காது. மகளின் எழுத்துப் பழக்கம் Khan Academy Kids, இலவசம்தான். அதில் பெரியவர் ஒருவரின் மின்னஞ்சலுக்குக் கீழே பல பிள்ளைகளைத் தனித்தனியாகச் சேர்க்கலாம். இந்த மாதிரி கேமுக்கு யாருடைய செட்டும் தேவையில்லை. வம்பு வருவது கார் கேம், மிட்டாய் கேம் போன்றவற்றில். அவற்றில் ஒரு இடம்தான். டேப்லெட்டில் எந்தக் கணக்கு இருக்கிறதோ அந்தக் கணக்கின் பெயரில் அது இணையத்துக்கும் ஏறிக்கொள்ளும்.

அந்தக் கணக்கு யாருடையது என்பதில்தான் பெரிய கோளாறு.

ஒரு நாள் மாமியார் கேமைத் திறந்தபோது நடுவில் ஒரு பெட்டி வந்தது. இடப்பக்கம் 412ஆம் கட்டம், இந்தச் சாதனத்தில் உள்ளது. வலப்பக்கம் 38ஆம் கட்டம், இணையத்தில் உள்ளது. எதை வைத்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில் கேள்வி. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. பச்சையாகப் பளிச்சென்று தெரிந்த வலப்பக்கத்தைத் தொட்டுவிட்டார். 412 போய்விட்டது. "நான் எப்படிமா 38க்குப் போனேன்?" என்று கேட்டபோது எனக்கும் புரியவில்லை. எங்கள் வீட்டில் யாருமே 38ஆம் கட்டத்தில் இல்லை.

அப்புறம்தான் `Settings`க்குள் போய் `Google` பகுதியைத் திறந்து பார்த்தேன். மேலே இருந்த மின்னஞ்சல் எங்களுடையது இல்லை, கடை தொடங்கிய ஏதோ ஒன்று. அந்தக் கணக்கின் `Security` பக்கத்தில் `Your devices` என்று ஒரு பட்டியல் வரும், அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் சாதனங்கள் எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் வாங்கிய அதே மாடல் டேப்லெட் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தது, ஒன்று ஈப்போ, ஒன்று கோலகங்சார். ஆக, கடைக்கு வந்தவர்கள் எல்லோருடைய டேப்லெட்டிலும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமை ஒரே தடவை வாங்கி எல்லோருக்கும் இறக்கிக் கொடுப்பதற்குத்தான். அந்த 38ஆம் கட்டம் ஈப்போவில் எந்தப் பாட்டியுடையதோ.

கேம் போனால் போகட்டும் என்று விடலாம். அதே கணக்கில் படங்களை இணையத்தில் சேமிக்கும் வசதியும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் டேப்லெட்டில் எடுத்த படமெல்லாம் கடைக் கணக்குக்குப் போயிருக்கின்றன. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் படங்கள் எங்கள் திரையில் வந்தன. அப்படியென்றால் எங்கள் படங்கள் யார் திரையிலோ. கணக்கின் கடவுச்சொல் வைத்திருப்பவர் நினைத்தால் தொலைவிலிருந்தே டேப்லெட் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், அதைத் துடைத்தும் விடலாம். சொந்தக் காசில் வாங்கிய டேப்லெட்டுக்கு முதலாளி வேறொருவர்.

இதே நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் உடனே டேப்லெட்டை ரீசெட் செய்துவிடாதீர்கள். பொத்தான்களை அழுத்திப் பிடித்து வெளியிலிருந்து ரீசெட் செய்தால், மறுபடி எழும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருட்டுக்காக வைத்த பூட்டு அது, கடைக்காரன் வாய் திறந்தால்தான் உங்களுக்குத் திறக்கும். முதலில் உங்கள் படங்களை ஒரு மெமரி கார்டுக்கோ பென்டிரைவுக்கோ நகல் எடுங்கள். அடுத்து அந்தக் கணக்கில் ஏறிய உங்கள் படங்களை மட்டும் அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் அவற்றை நீக்குங்கள், இல்லாவிட்டால் 60 நாள் வரை அங்கேயே கிடக்கும். அதற்குப் பிறகு `Settings`இல் கணக்குகள் பகுதிக்குப் போய்க் கடையின் கணக்கை நீக்குங்கள். அதற்கு டேப்லெட்டின் பூட்டு எண் போதும், கடையின் கடவுச்சொல் வேண்டியதில்லை. கணக்கை நீக்கினாலும், கேமை அழிக்காத வரை உள்ளே சேமித்தவை அப்படியே இருக்கும். மகனின் பண்ணை தப்பித்தது அப்படித்தான். அந்த கேமை மட்டும் என் சொந்தக் கணக்கில் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

பிறகு நாங்களே முறையாகப் போட்டோம். ஆண்ட்ராய்டிலேயே டேப்லெட்டுக்குப் பல பயனர் வசதி 2012இல், 4.2 பதிப்பில் வந்துவிட்டது. இதற்குக் காசு கிடையாது. `Settings`இல் `System` என்பதற்குக் கீழே `Users` அல்லது `Multiple users` என்று இருக்கும். சாம்சுங் டேப்லெட்டில் `Accounts and backup` என்பதற்குக் கீழே இருக்கும். அங்கே புதுப் பயனரைச் சேர்த்தால், அவர் தம் கணக்கோடு நுழையலாம். திரையை மேலிருந்து இழுத்து ஆள் படத்தைத் தொட்டால் பயனர் மாறும். இங்கே நிஜமாகவே ஆளுக்கு ஓர் அறை. அதே கார் கேம் மகளுக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றும் தனியாக ஓடுகிறது. மாமியாருக்கும் தனிப் பயனர் போட்டுக் கொடுத்தேன், ஒன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கிவிட்டார், முணுமுணுப்போடு.

குறையும் உண்டு. எல்லா டேப்லெட்டிலும் இந்த வசதி இருக்காது, விலை குறைந்த சிலவற்றில் தயாரிப்பாளரே எடுத்துவிடுகிறார். வாங்குவதற்கு முன் கடையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேம் செயலி ஒரு பிரதிதான் இருக்கும், ஆனால் அது பின்னால் இறக்கிக்கொள்ளும் படமும் ஒலியும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக இடம் பிடிக்கும். 32 ஜிபி டேப்லெட்டில் நான்கு பேர் என்றால் சீக்கிரமே நிரம்பிவிடும். `Guest` என்று இருப்பதில் ஆடவிடாதீர்கள், வெளியேறும்போது அழிந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு பயனரில் இருக்கும் சேமிப்பைக் கையால் தூக்கி அடுத்தவருக்கு வைக்கவும் முடியாது. அதனால்தான் மகனின் பண்ணை இன்னும் முதன்மைப் பயனரில், என் பக்கத்திலேயே இருக்கிறது. கேமுக்குள் காசு கொடுத்து வாங்கிய பொருளும் வாங்கியவர் கணக்கோடுதான் நிற்கும், பிள்ளைகளுக்குள் பகிர முடியாது.

ஐபேட் வைத்திருப்பவர்களிடமும் இதே செட்டை விற்கிறார்கள் என்று என் நாத்தனார் சொன்னார். வீட்டு ஐபேடில் பல பயனர் வசதியே கிடையாது. பள்ளியோ நிறுவனமோ நிர்வகிக்கும் ஐபேடுக்கு மட்டும்தான் அது உண்டு. அங்கே கேமுக்குள்ளேயே தனி இடம் இருந்தால்தான் உண்டு, இல்லை என்றால் இல்லை.

கடைக்கு மறுபடி போனேன். "செட் போட்டாச்சு, காசு திருப்பித் தர மாட்டோம்" என்றார் முதலாளி. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்கக்கூடாது என்பதால் யாரும் போய்ப் பேசலாம். முதலாவது பாரத்தை நிரப்பி, ரசீதின் நகலையும் அந்தச் சாதனப் பட்டியலின் படத்தையும் இணைத்து அவர் மேசையில் வைத்தேன். "இதில் நாலு யூசர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எங்கே அந்த நாலு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 150 வெள்ளியை ஈ-வாலட்டில் அனுப்பினார். கணக்கை மூடச் சொன்னதற்குப் பதில் வரவில்லை.

இந்தச் செட்டை வாங்கியவர்கள் இன்றே `Your devices` பக்கத்தைப் பாருங்கள். உங்களுடையது அல்லாத டேப்லெட் அதில் இருந்தால் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.